முன்னேற்ற அறிக்கையில் காலம் குழம்பும் இடங்கள்

மாதாந்திர முன்னேற்ற அறிக்கையில் முடிந்த வேலை, நடக்கும் வேலை, செய்யப்போகும் வேலை மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். வினையின் காலம் சீராக இருக்க வேண்டும் என்று சொன்னால், சிலர் எல்லா வாக்கியத்தையும் ஒரே காலத்தில் எழுதப் பார்க்கிறார்கள். முதல் தவறே அதுதான். மூன்று நிலைக்கும் மூன்று வடிவங்களை வைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவற்றை மாற்றாமல் இருப்பதுதான் இங்கே சீர்.

ஓர் ஊராட்சியில் 30,000 லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டுவதாக வைத்துக்கொள்வோம். செப்டம்பர் 30 வரையிலான அறிக்கை அக்டோபர் 4 அன்று எழுதப்படுகிறது. முதல் வரைவு இப்படி வருகிறது:

"தொட்டியின் 4 தூண்களும் கான்கிரீட் போட்டு முடிக்கப்பட்டு வருகின்றன. தூண்களுக்கு நாள்தோறும் தண்ணீர் ஊற்றப்படும். அடி ஸ்லாபுக்குக் கம்பி கட்டப்படுகிறது. சென்ட்ரிங் தகடுகளில் ஒரு பகுதி வரவில்லை. ஸ்லாப் கான்கிரீட் அக்டோபர் இரண்டாம் வாரம் போடப்பட்டுள்ளது. குழாய் பதிக்கும் பணி 700 மீட்டர் முடிந்து, மீதி 500 மீட்டர் நடைபெற்று வருகிறது."

மேலோட்டமாகப் படித்தால் பெரிய குறை தெரியாது. ஆனால் பொறியாளர் இதை அளவுப் புத்தகத்தோடு ஒப்பிட உட்கார்ந்தால், வரிக்கு ஒரு கேள்வி கேட்பார்.

மிக ஆபத்தான இடம் "போடப்பட்டுள்ளது". எழுத நினைத்தது "போடப்படவுள்ளது". இரண்டும் 'உள்ளது' என்றே முடிகின்றன. நடுவில் இரண்டு எழுத்து மாறியதில், போடாத கான்கிரீட் போட்டதாக ஆகிவிட்டது. பிழைதிருத்தியும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் இரண்டுமே சரியான சொற்கள். வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கும் படாது. என்னைக் கேட்டால், திட்டமிட்ட வேலைக்கு '-படவுள்ளது' என்ற வடிவத்தையே விட்டுவிடலாம். தேதியைச் சொல்லி "போடப்படும்" என்று எழுதினால் போதும். '-பட்டுள்ளது' முடிந்தவற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.

முடிந்தவற்றிலும் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்து முடிந்ததற்கு '-பட்டது' பொருந்தும்: "செப்டம்பர் 18 அன்று கான்கிரீட் போடப்பட்டது." இதுவரை சேர்ந்த மொத்த அளவைச் சொல்ல '-பட்டுள்ளது' நல்லது: "செப்டம்பர் 30 வரை 700 மீட்டர் பதிக்கப்பட்டுள்ளது." மாற்றிப் போட்டால் பெரிய பிழை இல்லை. ஆனால் "இந்த மாதம் 700 மீட்டரா, மொத்தமே 700 மீட்டரா?" என்ற கேள்வி வராமல் இருக்க இந்தப் பழக்கம் உதவும்.

அடுத்தது "நடைபெற்று வருகிறது". அறிக்கைகளில் அதிகம் பொய் சொல்வது இந்தத் தொடர்தான், அதுவும் எழுதியவர் அறியாமலே. நம் உதாரணத்தில், சாலையைக் குறுக்கே வெட்ட அனுமதி கிடைக்காமல் குழாய் வேலை செப்டம்பர் 21-லேயே நின்றுவிட்டது. கைவிடவும் இல்லை, முடியவும் இல்லை. எனவே 'நடைபெற்று வருகிறது' என்று கை தானாக எழுதிவிடுகிறது. நின்ற வேலைக்குத் தனி வடிவம் வேண்டும்: "செப்டம்பர் 21 முதல் நின்றுள்ளது." உண்மையிலேயே நடக்கும் வேலை என்றால் பக்கத்தில் ஓர் அளவு இருக்கும். அளவு எழுத முடியாத 'வருகிறது' எதுவாக இருந்தாலும், தளத்தில் கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. 'கட்டப்படுகிறது' என்ற தனி நிகழ்காலமும் இங்கே போதாது. "நாளைக்கு வருகிறார்" என்று நாம் வரப்போவதையும் நிகழ்காலத்தில்தானே சொல்கிறோம்? "கட்டப்பட்டு வருகிறது" என்றால் அந்தச் சந்தேகம் இல்லை. "முடிக்கப்பட்டு வருகின்றன" என்பது இன்னும் மோசம்: முடிந்ததா, இல்லையா?

'-உம்' விகுதிக்கும் இரண்டு வேலை இருக்கிறது. இனி நடப்பதையும் சொல்லும், வழக்கமாக நடப்பதையும் சொல்லும். "நாள்தோறும் தண்ணீர் ஊற்றப்படும்" என்றால் ஊற்றுகிறார்களா, இனிமேல்தான் ஊற்றப்போகிறார்களா? கான்கிரீட் நனைப்பில் இது சாதாரண விஷயம் இல்லை. முதல் வாரம் நனையாமல் போனால் பிறகு ஊற்றி ஈடுகட்ட முடியாது. எனவே, "செப்டம்பர் 19 முதல் நாள்தோறும் தண்ணீர் ஊற்றப்பட்டு வருகிறது" என்று தொடங்கிய தேதியோடு எழுத வேண்டும்.

அப்புறம் 'வரவில்லை'. தமிழில் '-வில்லை' காலம் காட்டாது. "வந்தார்", "வருகிறார்" இரண்டுக்குமே எதிர்மறை "வரவில்லை"தான். அதனால் எதிர்மறை வாக்கியத்தில் காலத்தைத் தேதிதான் சுமக்க வேண்டும்: "செப்டம்பர் 30 வரை வரவில்லை." இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மீதித் தகடுகள் அக்டோபர் 3 அன்று வந்துவிட்டன. எழுதுகிறவர் அக்டோபர் 4 அன்று உட்கார்ந்திருக்கிறார். எந்த நாளில் நின்று பேசுவது? அறிக்கையின் கடைசித் தேதியில்தான். எல்லா வினைகளும் செப்டம்பர் 30-ஐ 'இன்று' என்று கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு நடந்த முக்கியமானதை மட்டும் தனி வரியில் தேதியோடு சேர்க்கலாம். "நேற்று", "கடந்த வாரம்" போன்றவை வேண்டாம். படிப்பவர் எந்த நாளில் படிப்பார் என்று யாருக்குத் தெரியும்?

சரி, திருத்தினால் இப்படி வரும்:

"தொட்டியின் 4 தூண்களுக்கும் கான்கிரீட் போடும் பணி செப்டம்பர் 18 அன்று முடிக்கப்பட்டது. செப்டம்பர் 19 முதல் நாள்தோறும் தண்ணீர் ஊற்றப்பட்டு வருகிறது. அடி ஸ்லாபுக்குக் கம்பி கட்டப்பட்டு வருகிறது. சுமார் பாதி முடிந்துள்ளது. சென்ட்ரிங் தகடுகளில் ஒரு பகுதி செப்டம்பர் 30 வரை வரவில்லை. ஸ்லாப் கான்கிரீட் அக்டோபர் இரண்டாம் வாரம் போடப்படும். மொத்தம் 1,200 மீட்டரில் 700 மீட்டர் குழாய் பதிக்கப்பட்டுள்ளது. சாலை வெட்ட அனுமதி கிடைக்காததால் மீதி 500 மீட்டர் பணி செப்டம்பர் 21 முதல் நின்றுள்ளது. அறிக்கைக் காலத்துக்குப் பின்: மீதித் தகடுகள் அக்டோபர் 3 அன்று வந்து சேர்ந்தன."

தொட்டி "30,000 லிட்டர் கொள்ளளவு கொண்டது" போன்ற மாறாத விவரங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். எந்த மாதமும் அப்படியே இருக்கலாம்.

மாறவேண்டியது மாறாமல் தங்கிவிடுவது அடுத்த மாதம்தான் நடக்கும். பழைய கோப்பைத் திறந்து எண்களை மட்டும் திருத்துவோம். "அக்டோபர் இரண்டாம் வாரம் போடப்படும்" அக்டோபர் 31 வரையிலான அறிக்கையிலும் உட்கார்ந்திருக்கும். இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. கோப்பில் 'படும்' என்று தேடி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள தேதி அறிக்கைத் தேதிக்குப் பிந்தியதா என்று பாருங்கள். முந்தியதாக இருந்தால் அந்த வேலை நடந்ததா, தள்ளிப்போனதா என்று கேட்டு வினையை மாற்றுங்கள். தள்ளிப்போயிருந்தால், "அக்டோபர் இரண்டாம் வாரம் திட்டமிடப்பட்டிருந்தது, நவம்பர் 8 அன்று போடப்படும்" என்று பழைய திட்டத்தையும் விட்டுவைக்க வேண்டும். அடுத்து 'வருகிறது' என்று தேடி, சென்ற மாத அளவே இந்த மாதமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது பெரும்பாலும் நின்றுபோன வேலை.