வினாவை மாற்றும் முன் இரண்டு எண்களைப் பாருங்கள்

மொழித் தேர்வு விடைத்தாள்களை மதிப்பெண் வரிசையில் அடுக்கி, மேலே 10, கீழே 10 எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பலவுள் தெரிவு வினாவுக்கும் இரு குழுவிலும் எத்தனை பேர் சரி என்று எண்ணுங்கள். இரண்டையும் கூட்டி 20-ஆல் வகுத்தால் எளிமை எண். மேல் குழுவிலிருந்து கீழ் குழுவைக் கழித்து 10-ஆல் வகுத்தால் பிரித்தறியும் எண்.

'திங்கள்' என்பதன் பொருள் கேட்ட வினாவில் மேல் குழுவில் 4, கீழ் குழுவில் 6 பேர் சரி என்று வைப்போம். எளிமை எண் 0.5, பார்க்க நன்றாகவே இருக்கும். ஆனால் பிரித்தறியும் எண் -0.2. நன்றாகப் படிப்பவர்கள்தான் தவறவிட்டிருக்கிறார்கள். அப்புறம் அவர்கள் எதைக் குறித்தார்கள் என்று பாருங்கள்: 'மாதம்'. விடைக்குறிப்பிலோ 'நிலவு'. இரண்டும் சரியான பொருள்தானே! வினாவைத் தூக்கிப்போட வேண்டாம். 'மாதம்' இருந்த இடத்தில் 'விண்மீன்' என்று வைத்தால் போதும்.

எல்லாரும் சரியாக எழுதிய வினாவில் பிரித்தறியும் எண் 0 ஆகத்தான் வரும். அது குறையல்ல, பாடம் புரிந்திருக்கிறது. வகுப்பில் 15 பேர்தான் என்றால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள், ஒருவர் மாறினாலே எண் தடம் புரண்டுவிடும்.