கல் வைத்த மாம்பழமா? படத்தை மட்டும் நம்பினால் வரும் தவறுகள்

ஏப்ரல் தொடக்கத்தில் வந்த ஒரு பங்கனப்பள்ளி கூடையின் படம் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பழங்கள் பளிச்சென்ற மஞ்சள், மற்றவற்றில் பச்சைத் திட்டு. இரண்டில் வெளிறிய தழும்பு. உடனே "கல் வச்சது", அதாவது கால்சியம் கார்பைட் கல் வைத்துப் பழுக்க வைத்தது என்று தீர்ப்பு வந்துவிடும்.

முதல் தவறு, பச்சையும் மஞ்சளும் கலந்திருப்பதே சாட்சி என்று எண்ணுவது. மரத்தில் விளைந்து வைக்கோலில் பழுத்த பழமும் ஒரே சீராக நிறம் மாறாது. இமாம்பசந்த் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சையாகவே இருக்கும். செந்தூராவின் சிவப்பு அதன் பிறவிக்குணம். ஆகவே முதலில் ரகம் தெரிய வேண்டும். ஒரு பழத்தைவிடக் கூடை முழுவதையும் பார்ப்பது பயன் தரும். கார்பைட் பொட்டலம் ஈரம் பட்டு அசிட்டிலீன் வாயுவை விடுவதால், அதன் அருகிலுள்ள பழங்கள் முந்தி மஞ்சளாகும், தள்ளியிருப்பவை பின்தங்கும். கூடையின் நடுவில் மட்டும் மஞ்சள் குவிந்திருந்தால் சந்தேகப்படலாம். அப்போதும் அது சந்தேகம்தான்.

வெளிறிய திட்டு இன்னும் ஏமாற்றும். இலை ஒட்டியிருந்த இடம் வெளிறும், வெயில் சுட்ட இடமும் வெளிறும். கடை விளக்கின் பளபளப்பு படத்தில் வெள்ளையாக விழும். கார்பைட் வினைபுரிந்தபின் மிஞ்சுவது சாம்பல் கலந்த வெள்ளைச் சுண்ணாம்புத் தூள். அதைத் தேட வேண்டிய இடம் பழத்தின் கன்னம் அல்ல. கூடையின் அடியும் காகிதப் பொட்டலமும்தான்.

சதை கெட்டியாக இருப்பதைப் படம் பார்த்துச் சொல்கிறவர்களை என்ன சொல்வது? அழுத்திப் பார்க்காமல் அது தெரியாது. ஆனால் காயின் முற்றலைப் படம் ஓரளவு காட்டும். முற்றிய காயில் காம்பின் இருபுறமும் தோள் புடைத்து, காம்பு பள்ளத்தில் இருப்பதுபோல் தெரியும். தோள் சரிந்து ஒல்லியாக இருந்தும் தோல் நல்ல மஞ்சள் என்றால், இளங்காயைப் பறித்து நிறமேற்றியிருக்க வாய்ப்பு உண்டு. நறுக்கிய படம் கேட்டு வாங்குங்கள்: தோலோரம் மஞ்சளும் கொட்டையோரம் வெள்ளையும் என்றால் தோல் முந்திக்கொண்டு, சதை பழுக்கவில்லை என்று பொருள்.

அதுவும் கார்பைடை நிரூபிக்காது. சட்டம் அனுமதிக்கும் எத்திலீன் வாயுவை (உச்சவரம்பு 100 பிபிஎம்) இளங்காய்க்குக் கொடுத்தாலும் இதே கோலம் வரலாம். கார்பைட் வாயுவில் பழுத்த பழம் விற்பதோ தடை; கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்திருப்பதே முக்கியக் காரணம். உணவுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் படம் அனுப்புவதானால் பழத்தோடு பொட்டலம், கூடையின் அடி, கடையின் இடம், தேதி எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். மஞ்சள் பல்பை விட்டு பகல் வெளிச்சத்தில் எடுங்கள்; பல்பின் கீழே பச்சைக்காயும் பழுத்ததுபோல் தோன்றும்.