ரெண்டு வருஷ பாண்ட், சரி, எந்தத் தேதியிலிருந்து?

ஆஃபர் லெட்டர் வந்ததும் முதலில் சம்பளப் பக்கத்தைத்தான் திறக்கிறோம், அப்புறம் ஹெச்.ஆருக்கு ஒரு போன், பாண்ட் எத்தனை வருஷம் மேடம், ரெண்டு வருஷம்தான், சரி என்று கையெழுத்து. முதல் தவறே இதுதான். எத்தனை வருஷம் என்பதோடு எந்தத் தேதியிலிருந்து என்றும் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025 ஜூலை 1 அன்று சேர்கிறீர்கள், ப்ரொபேஷன் 6 மாதம். பாண்ட் 24 மாதம், ஆனால் 'பணி உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து' என்று லெட்டரில் இருக்கிறது. ப்ரொபேஷனை இன்னும் 3 மாதம் நீட்டினால் உறுதியாவது 2026 ஏப்ரல் 1, பாண்ட் முடிவது 2028 மார்ச் 31. ராஜினாமாவையே பாண்ட் முடிந்த பிறகுதான் கொடுக்கலாம் என்று வேறொரு பக்கத்தில் ஒரு வரி இருந்து, நோட்டீஸும் 90 நாள் என்றால், வெளியே வரும்போது ஜூன் முடிந்திருக்கும். ரெண்டு வருஷம் என்று சொன்னது முழுசாக 3 வருஷம்!

6 மாதம் முடிந்தால் தானாகவே நிரந்தரம் என்று நினைப்பது அடுத்த தவறு. 'எழுத்து மூலம் உறுதி செய்யும் வரை ப்ரொபேஷன் தொடரும்' என்று இருந்தால் அந்தக் கடிதம் வரும்வரை பாண்ட் கணக்கே தொடங்காது. அதிகபட்சம் எத்தனை மாதம் நீட்டலாம் என்று லெட்டரில் இருக்கிறதா பாருங்கள்.

நோட்டீஸில் மாட்டுவது வேறு விதம். பணம் கட்டிவிட்டு உடனே போகலாம் என்று நம்பியிருப்போம், வரியின் கடைசியில் 'நிறுவனம் சம்மதித்தால்' என்று ஒட்டியிருக்கும். பணம் கையில் இருந்தும் ரிலீவிங் லெட்டர் வராது. அடிப்படைச் சம்பளத்தில் பிடிப்பார்களா மொத்தச் சம்பளத்திலா என்பதில் தொகை இரட்டிப்பாகவும் ஆகலாம்.

அப்புறம், 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிக்காது' என்று சீனியர் சொன்னதை நம்புவது. 3 வருஷத்துக்குள் விலகினால் 2 லட்சம் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்காக எழுதிய தொகை முழுக்கக் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி எழுதிய தொகை உச்சவரம்பு, அதற்குள் நியாயமான இழப்பீடுதான். அதனால் 20 மாதம் வேலை பார்த்தவருக்கும் 2 மாதத்தில் போகிறவருக்கும் ஒரே தொகையா, மாதத்துக்கு மாதம் குறையுமா என்று கேளுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டையோ தொகை எழுதாத காசோலையையோ கேட்டால் நான் சேரமாட்டேன், உங்கள் இஷ்டம்.

கேட்பதை மெயிலில் கேளுங்கள், பதிலையும் மெயிலில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். போனில் ரெண்டு வருஷம்தான் என்ற மேடம் நீங்கள் விலகும்போது அங்கே இருப்பாரோ என்னவோ.