அவுட்லையர் இருக்கும் தரவுக்கு லாஸ் தேர்வு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு தெருவில் ஏழு வீடுகளின் மாத வாடகை, ஆயிரம் ரூபாய்க் கணக்கில்: 8, 9, 9, 10, 11, 12, 116. கடைசி வீட்டுக்கு உண்மையில் 11,600 ரூபாய்தான். தட்டச்சு செய்தவர் ஒரு பூஜ்யம் கூடப் போட்டுவிட்டார்.

இந்தத் தெருவின் வாடகைக்கு ஒரே ஒரு எண் சொல்ல வேண்டும் என்றால், ஸ்கொயர்ட் எரர் என்ற லாஸ் சராசரியைச் சொல்லும்: 25,000. அந்த வாடகைக்கு அங்கே ஒரு வீடுகூட இல்லை. அப்சல்யூட் எரர் மீடியனைச் சொல்லும்: 10,000. பிழையை வர்க்கப்படுத்தும்போது தூரத்துப் புள்ளி, தூரத்துக்கு ஏற்ப இழுக்கிறது. அப்சல்யூட் எரரில் அது மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது மட்டும்தான் கணக்கு. 116 என்பது 1160 ஆனாலும் விடை மாறாது.

இதைப் பார்த்ததும் பலர் "அவுட்லையர் இருந்தால் அப்சல்யூட் எரர்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் தவறு இதுதான். அந்த 1,16,000 தட்டச்சுப் பிழையாக இல்லாமல் நிஜமான பங்களாவாக இருந்து, தெருவின் மொத்த வாடகை வருமானம்தான் உங்கள் கேள்வி என்றால் என்ன ஆகும்? மீடியனை ஏழால் பெருக்கினால் 70,000. உண்மையான மொத்தம் 1,75,000. இங்கே சராசரிதான் சரியான விடை. ஆகவே அந்தப் புள்ளி பிழையா நிஜமா, நமக்குத் தேவை மொத்தமா அல்லது வழக்கமான ஒரு வீட்டின் வாடகையா என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். லாஸ் அப்புறம்.

சரி, புள்ளி பிழைதான் என்று வைத்துக்கொள்வோம். பீட்டர் ஹியூபர் 1964இல் முன்வைத்த வழி, டெல்டா என்ற எல்லைக்குள் இருக்கும் பிழையை வர்க்கப்படுத்தும். எல்லையைத் தாண்டினால் இழுவிசையை அதற்கு மேல் ஏறவிடாது. நல்ல யோசனைதான். ஆனால் நான் அதிகம் பார்க்கும் தவறு இங்கேதான் நடக்கிறது: டெல்டாவைத் தொடாமல் விடுவது.

PyTorch-இன் `HuberLoss`-இல் டெல்டா 1.0 என்றே வரும். நாம் கணிக்கும் மதிப்பான y எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகில் 1. வாடகையை ரூபாயில் கொடுத்தால் எல்லை ஒரு ரூபாய். ஏறக்குறைய எல்லாப் பிழையும் எல்லைக்கு வெளியே போய்விடும், விடை 10,000. அதாவது வெறும் அப்சல்யூட் எரர். அதே தரவை லட்சத்தில் கொடுத்தால் எல்லை ஒரு லட்சம். பெரிய புள்ளிகூட 25,000இலிருந்து 91,000தான் தள்ளி நிற்கிறது, எல்லைக்குள் அடங்கிவிடும், விடை 25,000. அதாவது வெறும் ஸ்கொயர்ட் எரர். இரண்டு தடவையும் நிரலில் ஹியூபர் என்றுதான் எழுதியிருக்கும்.

டெல்டாவைத் தரவின் பரவலிலிருந்து எடுக்க வேண்டும். அதையும் திட்டவிலக்கத்தை வைத்து அளக்காதீர்கள், அவுட்லையர் அதையே ஊதிப் பெருக்கிவிடும். மீடியனிலிருந்து உள்ள விலகல்களின் மீடியனை எடுங்கள்:

```python
r = y - np.median(y)
s = 1.4826 * np.median(np.abs(r))
delta = 1.345 * s
```

நம் தெருவில் விலகல்கள் 2, 1, 1, 0, 1, 2, 106. அவற்றின் மீடியன் 1, டெல்டா சுமார் 2, அதாவது 2,000 ரூபாய். இப்போது ஹியூபர் தரும் விடை 10,200. பூஜ்யத்தைத் திருத்திவிட்டுச் சராசரி எடுத்தால் 10,086 வரும். எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டது பாருங்கள்! ரெக்ரஷன் என்றால், முதலில் அப்சல்யூட் எரரில் ஒரு மாடலைப் பொருத்தி அதன் மிச்சப் பிழைகளை `r` ஆக வையுங்கள். பாதிக்கு மேல் பிழைகள் பூஜ்யமாக இருந்தால் `s`-உம் பூஜ்யமாகிவிடும், அதை மட்டும் கவனிக்க வேண்டும்.

scikit-learn-இன் `HuberRegressor` பரவலைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும். அதன் `epsilon=1.35` அலகு இல்லாத எண். அந்த 1.35-ஐ அப்படியே PyTorch-க்கு எடுத்துப்போனால் பழைய கதைதான்.

சரியான டெல்டா போட்ட பிறகும், மாடல்களை ஒப்பிட RMSE-ஐ மட்டும் பார்த்தால் உழைப்பு வீண். டெஸ்ட் தரவிலும் அதே மாதிரிப் பிழைப்புள்ளிகள் இருந்தால், அவற்றின் பக்கம் சாய்ந்த மாடலுக்குத்தான் RMSE நல்ல மதிப்பெண் போடும். பிழைகளின் மீடியனையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று, அப்சல்யூட் எரர், ஹியூபர் இரண்டுமே y பக்கத்துப் பிழைக்கான ஏற்பாடுகள். சதுர அடியை வைத்து வாடகையைக் கணிக்கும்போது, வாடகை சரியாக இருந்து, 600 சதுர அடி 6,000 என்று பதிவாகியிருந்தால், அந்த ஒரு புள்ளி வரைபடத்தின் ஓரத்தில் நின்று கோட்டையே தன் பக்கம் சாய்த்துவிடும். கோடு அதன் அருகிலேயே போவதால் பிழை சிறிதாகத் தெரியும், ஹியூபருக்கும் சந்தேகம் வராது. அந்தப் புள்ளியை விட்டுவிட்டு ஒருமுறை பொருத்திப் பாருங்கள். சரிவு தலைகீழாக மாறினால், கோளாறு லாஸில் இல்லை, சதுர அடிப் பத்தியில் இருக்கிறது.