வில்லங்கம் சுத்தம், வீட்டுக்குள் வில்லங்கம்

போன மாதம் என் ஜூனியர் ஒருவர் வீடு வாங்கப்போகும் கட்சிக்காரருக்காக ஒப்பீனியன் எழுதி எடுத்து வந்தார். 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரியில் "வாடகைக்காரர் குடியிருக்கிறார், கிரயத்தின்போது காலி செய்து தருவார்" என்று எழுதியிருந்தார். அவரிடம் பேசினீர்களா என்றேன். "ஓனர் சொன்னார் சார்" என்றார். இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். வீடு வாங்குபவர்கள் செய்யும் தவறுகளில், பத்திரத்தைப் பார்க்காமல் வாங்குவது போன்றவற்றை எல்லாரும் சொல்லிவிட்டார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். 'தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கினேன்' என்று சொன்னாலும் கைகொடுக்காத இடங்களை மட்டும் சொல்கிறேன்.

குடியிருப்பவரிடம் கேட்காமல் வாங்குவது

ஒருவர் வீட்டை விற்க ஏற்கெனவே வேறொருவரிடம் கிரய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். அதை மறைத்து உங்களுக்கு விற்கிறார். அப்போது உங்களைக் காப்பது, ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட் எனப்படும் குறித்த பரிகாரச் சட்டம் 1963-ன் 19(பி) பிரிவு. விலையைக் கொடுத்து, நல்லெண்ணத்தோடு, அந்த ஒப்பந்தம் பற்றித் தெரியாமல் வாங்கியிருந்தால் முதலில் ஒப்பந்தம் போட்டவர் உங்களை அசைக்க முடியாது. கோர்ட்டில் இதைத்தான் 'போனஃபைடு பர்ச்சேசர்' என்போம். ஆனால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

சிக்கல் 'தெரியாமல்' என்ற சொல்லில் இருக்கிறது. சொத்து மாற்றச் சட்டம் 3-ம் பிரிவின்படி, விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் தெரிந்ததாகவே கணக்கு. சொத்தில் யார் இருக்கிறாரோ அவருக்கு என்ன உரிமை இருந்தாலும் அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். வாடகைக்காரர் என்று தெரிந்துகொண்டதோடு விசாரணை முடிவதில்லை. வாடகைக்கு வந்தவரே பிறகு ஓனரிடம் ஒப்பந்தம் போட்டிருக்கலாம். சென்னையிலிருந்து போன இப்படிப்பட்ட வழக்கில்தான் 2000-ல் உச்ச நீதிமன்றம் வாங்கியவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எனக்கு நடந்ததும் அதேதான். என் கட்சிக்காரர் 18 லட்சத்துக்கு வீடு வாங்கினார். நான் வில்லங்கம் பார்த்து 'சுத்தம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். பத்திரம் பதிவாகி நாலாம் மாதம் சம்மன் வந்தது. கீழ்ப் போர்ஷனில் இருந்தவர் 15 லட்சத்துக்கு ஒப்பந்தம் போட்டு 4 லட்சம் கொடுத்திருந்தார். 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய, பதிவு செய்யாத ஒப்பந்தம், வில்லங்கத்தில் எப்படி வரும்? குறுக்கு விசாரணை இரண்டு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"வாங்கும் முன் வீட்டைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். அந்தம்மா மோர்கூடக் கொடுத்தாங்க."

"அவர்களிடம் ஏதாவது கேட்டீர்களா?"

"ஓனர் வாடகைக்காரர்னு சொன்னார், அதனால கேட்கல."

அந்த மோர் டம்ளரோடு எங்கள் வாதம் முடிந்தது. பாக்கி 11 லட்சத்தைக் கீழ்ப் போர்ஷன்காரர் கோர்ட்டில் கட்டினார். விற்றவரோடு என் கட்சிக்காரரும் சேர்ந்து அவருக்குக் கிரயம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று டிக்ரி ஆனது. கொடுத்த 18 லட்சத்துக்கு விற்றவர் பின்னால் தனி வழக்கு.

இப்போதெல்லாம் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டுமே என்பார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அது கட்டாயம்தான். ஆனால் பதிவாகாத ஒப்பந்தத்தையும், அதை நிறைவேற்றக் கோரும் வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக வில்லங்கத்தை மட்டும் நம்ப முடியாது.

செய்ய வேண்டியது, ஓனர் இல்லாத நேரத்தில் போய்க் குடியிருப்பவரிடம் நேராகக் கேட்பது. வாடகையா, போக்கியமா? ஓனருக்கு வேறு பணம் ஏதும் கொடுத்திருக்கிறீர்களா, வாங்குவதாகப் பேச்சு உண்டா? பதிலை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அட்வான்ஸைக் கையில் எடுக்காதீர்கள். பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன் என்பது இதற்கு ஈடாகாது.

தெரிந்த பிறகு மீதியைக் கொடுப்பது

அட்வான்ஸ் கொடுத்தபோது பழைய ஒப்பந்தம் பற்றித் தெரியாது, கிரயத்துக்கு முன்னால் அதைப் போட்டவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது. அப்புறமும் மீதிப் பணத்தைக் கட்டிப் பத்திரம் வாங்கினால் 19(பி) கைகொடுக்காது. ஆரம்பத்தில் நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது.

நிலுவையில் உள்ள வழக்கு

சொத்து மீது வழக்கு நடக்கும்போது வாங்கினால், சொத்து மாற்றச் சட்டம் 52-ம் பிரிவின்படி அந்த வழக்கின் தீர்ப்பு உங்களையும் கட்டுப்படுத்தும். அங்கே நல்லெண்ணத்துக்கு வேலையே இல்லை, தெரியாது என்பதும் பதிலாகாது. வழக்கு வில்லங்கத்தில் வராமல் போகலாம். ஓனர் பெயரைப் போட்டு இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பாருங்கள்.

போலிப் பத்திரம்

போலிப் பத்திரத்தை வைத்து விற்றவருக்கு இல்லாத உரிமை, நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் உங்களுக்கு வராது.