ஸ்னூக்கர் பார்க்கும்போது மேசையில் மீதிப் புள்ளிகளை எண்ணுங்கள்

சிவப்புப் பந்துக்கு 1 புள்ளி. ஒரு சிவப்பைக் குழியில் போட்டதும் வண்ணப் பந்து ஒன்றை அடிக்கலாம்: மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. சிவப்புகள் தீரும் வரை வண்ணப் பந்துகள் மேசைக்குத் திரும்பி வரும். கடைசியில் ஆறையும் வரிசையாகப் போட்டால் 27.

ஆகவே மேசையில் மிச்சம் இருப்பதைக் கணக்கிடுவது எளிது. ஒவ்வொரு சிவப்புக்கும் 8 (சிவப்பும் கறுப்பும்), அதோடு 27. ஒரே சிவப்பு மிஞ்சியிருந்தால் 35.

இப்போது ஒருவர் 38 புள்ளி பின்தங்கியிருக்கிறார் என்று வையுங்கள். எல்லாவற்றையும் போட்டாலும் போதாது. ஆனால் எதிராளி ஒரு ஃபவுல் செய்தால் குறைந்தது 4 புள்ளி இவருக்கு வரும். வித்தியாசம் 34 ஆகிவிடும், ஆட்டம் மறுபடி உயிர் பெறும். சிவப்பைத் தொட வேண்டிய நேரத்தில் வெள்ளைப் பந்து முதலில் கறுப்பில் பட்டால் 4க்குப் பதில் 7 கிடைக்கும்.

அதனால்தான் இவர் குழியைப் பார்க்காமல், வெள்ளையை ஒரு வண்ணப் பந்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கப் பார்க்கிறார். எதிராளிக்குச் சிவப்புக்கு நேர்வழி இல்லை. மேசை ஓரத்தில் மோதவிட்டுத் திருப்பித்தான் தொட வேண்டும். புதிதாகப் பார்ப்பவருக்கு இது இழுவையாகத் தெரியலாம். எனக்கு, ஒரே மூச்சில் தொடர்ந்து பந்துகளைப் போட்டு எடுக்கும் நூறு புள்ளி பிரேக்கைவிட இதுதான் சுவை.