எல்லை தாண்டிய குடும்பமும் சாதிச் சான்றிதழும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூரிலிருந்து பஸ் ஏறி ரெட்டிச்சாவடியைத் தாண்டினால் புதுச்சேரி வந்துவிடுகிறது. அங்கே பாட்டில் விலை மாறும், பெட்ரோல் விலை மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாதிப் பட்டியலும் மாறும் என்பது மட்டும் பிள்ளைக்குக் கல்லூரிச் சேர்க்கை வரும்வரை யாருக்கும் உறைப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தால், வருடா வருடம் வேறு வேறு குடும்பங்கள் இதே தவறுகளைச் செய்வதைக் காணலாம். போட்டோ மங்கல், இனிஷியல் மாறிவிட்டது போன்றவற்றை இங்கே விட்டுவிடுவோம். அவற்றை இ-சேவை மையத்துப் பையனே சொல்லிவிடுவான்.

மாவட்டம் மாறியதற்குப் புதுச் சான்று எடுப்பது

தேவையில்லை. கடலூரில் வாங்கிய சான்று சென்னையிலும் செல்லும், கோவையிலும் செல்லும். தமிழ்நாட்டுப் பட்டியல் தமிழ்நாடு முழுவதற்குமானது. பழைய சான்றில் 'தென்னாற்காடு மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்துப் பயந்துபோய் மறுபடி விண்ணப்பிப்பவர்களும் உண்டு. 1993 செப்டம்பர் 30 அன்று அந்த மாவட்டம் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. அதற்கு முன் கொடுத்த சான்று அதனால் காலாவதி ஆகிவிடாது. கையால் எழுதிய சான்றை ஏற்க மாட்டோம், கியூ.ஆர். குறியீடு உள்ளதுதான் வேண்டும் என்று ஓர் அலுவலகம் கேட்டால் மட்டும் மின்சான்று எடுங்கள். அப்போது பழைய சான்றையே ஆதாரமாகக் காட்டினால் போதும்.

பட்டியலில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் மாவட்டப் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கும். பழங்குடியினர் பட்டியலில் உள்ள மலையாளி அப்படிப்பட்டது. அவர்கள் மட்டும் சொந்த ஊர் அலுவலகத்தை விட்டு வேறெங்கும் விண்ணப்பிக்காமல் இருப்பது நல்லது.

புதுச்சேரி முகவரியைப் போட்டு 'சாதாரண' சான்று வாங்குவது

அதிக நஷ்டம் கொடுக்கும் தவறு இதுதான். எரிச்சல் தருவதும் இதுதான், ஏனென்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு சொல்லித்தான் இது நடக்கிறது. "சார், கடலூரைப் பத்தி எதுக்குச் சொல்றீங்க? பையன் இங்கதானே பொறந்தான், ரேஷன் கார்டும் இங்கதானே இருக்கு, இந்த ஊர்னே போட்டுடலாம்."

அரசியலமைப்பின் 341, 342ஆம் பிரிவுகளின்படி பட்டியல் சாதி, பழங்குடி ஆகியவை ஒவ்வொரு மாநிலத்துக்கும் யூனியன் பிரதேசத்துக்கும் தனித்தனியாக அறிவிக்கப்படுகின்றன. தமிழ்நாட்டுக்கான பட்டியல் சாதி ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியது. புதுச்சேரிக்குத் தனி ஆணை 1964 மார்ச் 5 அன்றுதான் வந்தது. ஒரு குடும்பம் எந்தப் பட்டியலைச் சேர்ந்தது என்பதை, அந்தந்த ஆணை வெளியான நாளில் அது எங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது என்பதை வைத்தே முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரின், பாட்டன் பாட்டியின் அன்றைய இருப்பிடமே கணக்கு. ஆகவே பையன் ஜிப்மரில் பிறந்தான் என்பது இதில் உதவாது.

இரண்டு பட்டியலிலும் ஒரே சாதிப் பெயர் இருக்கிறதே என்பது அடுத்த வாதம். ஆதிதிராவிடர் என்ற பெயர் இரண்டிலும் இருப்பது உண்மைதான். ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே இடம்பெயர்ந்தவருக்கு அந்த மாநிலத்தின் இட ஒதுக்கீடு கிடைத்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், மீண்டும் 1994இலும் சொல்லிவிட்டது. 2005இல் புதுச்சேரி ஆசிரியர் நியமன வழக்கு ஒன்றில் இடம்பெயர்ந்தவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு இன்றும் வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகு 2018இல் அரசியல் சாசன அமர்வே இதே கேள்வியை எடுத்துப் பேசிவிட்டதால், பழைய தீர்ப்பை நம்பிப் பிள்ளையின் விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். அந்தந்த ஆண்டு விளம்பரத்திலோ கையேட்டிலோ 'பூர்வீகம்', 'இடம்பெயர்ந்தவர்' என்ற பிரிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தந்தை புவனகிரிப் பக்கத்து ஊர்க்காரர், ஆதிதிராவிடர். 1988இல் சிதம்பரம் தாசில்தாரிடம் சான்று வாங்கியவர். 1998இல் வேலைக்காகப் புதுச்சேரிப் பக்கம் கன்னியக்கோவில் வந்து தங்கிவிட்டார். மகன் 2007இல் புதுச்சேரியில் பிறந்து அங்கேயே படித்தவன். இப்போது மகனுக்குச் சான்று வேண்டும். பாகூர் தாலுகா ஆபீஸில் விண்ணப்பிக்கலாம், தடை ஒன்றுமில்லை. ஆனால் தந்தையின் 1988ஆம் ஆண்டுச் சான்றை இணைத்து, இடம்பெயர்ந்தவர் என்று சொல்லித்தான் விண்ணப்பிக்க வேண்டும். கொடுக்கப்படும் சான்றில், இன்னாரின் மகனான இவருக்கு, தந்தைக்குத் தமிழ்நாட்டில் இன்ன அதிகாரி இன்ன தேதியில் கொடுத்த சான்றின் அடிப்படையில் இது வழங்கப்படுகிறது என்ற பத்தி இருக்கும். மத்திய அரசின் படிவத்தில் இதற்கென்றே தனிப் பத்தி உண்டு. கையில் வாங்கியதும் முதலில் அந்தப் பத்தியைத் தேடுங்கள். அது கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தாலோ இல்லாமலே இருந்தாலோ, உங்களைப் புதுச்சேரிப் பூர்வீகக் குடும்பமாகக் காட்டும் சான்று அது. சந்தோஷப்பட்டு வாங்கி வராமல் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

இந்தச் சான்று எங்கே பயன்படும்? மத்திய அரசு வேலைக்கும், மத்திய நிறுவனங்களின் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் பயன்படும். ஜிப்மரும் புதுவைப் பல்கலைக்கழகமும் ஊர் நடுவே இருந்தாலும் மத்திய நிறுவனங்கள்தான். புதுச்சேரி அரசின் சேர்க்கைக் குழுவான சென்டாக் வழியாகப் போகும் அரசு ஒதுக்கீட்டில், பூர்வீகக் குடும்பம் என்ற வரிசையில் இதைக் காட்ட முடியாது.

பத்தி இல்லாத சான்றோடு உள்ளே போய்விட்டால் என்ன ஆகும்? சேர்க்கையின்போது ஒன்றும் ஆகாமலும் போகலாம். வேலை கிடைத்த பிறகு, சரிபார்ப்புக்காகக் கோப்பு தாலுகா ஆபீஸுக்கு வரும்போது 1964க்கு முந்தைய குடியிருப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். காட்ட ஒன்றும் இருக்காது. சான்று ரத்தாகும், அதை நம்பி நின்ற வேலையும் போகும். பல வருடம் வேலை பார்த்துவிட்டேன் என்று சொல்வதும் காப்பாற்றாது. உரியவர் அல்லாதவர் சான்றினால் பெற்ற நியமனத்தை நீண்ட பணிக்காலம் காட்டிப் பாதுகாக்க முடியாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சாதி உண்மைதான், இடம்தான் தவறு என்ற விளக்கத்தை அந்தக் கட்டத்தில் சொல்லி யாரையும் நம்பவைப்பது கடினம். முதலிலேயே ஒரு பத்தி கேட்டு வாங்கியிருந்தால் முடிந்திருக்கும் வேலை.

தமிழ்நாட்டுச் சான்றைத் தேடி தவறான ஊருக்குப் போவது

அதே மகன் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கு வருகிறான் என்று வையுங்கள். இதற்குப் பாகூர்ச் சான்று உதவாது, தமிழ்நாட்டுச் சான்றுதான் வேண்டும். வீட்டுக்குப் பக்கம் என்று கடலூர் தாலுகா ஆபீஸுக்குப் போவதிலும் பயனில்லை. சொந்த ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் விசாரணை நடக்கும். தந்தையின் சான்றில் 'சிதம்பரம் வட்டம்' என்று இருந்தாலும், புவனகிரி இப்போது தனி வட்டம். விண்ணப்பம் புவனகிரிக்குத்தான் போக வேண்டும். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர்களுக்கும் இதே கதை, அவர்களுடைய பழைய தாள்களில் காட்டுமன்னார்கோயில் என்று இருக்கும்.

இ-சேவையில் சாதிச் சான்றின் எண் REV-101, சொந்த மாநிலம் எது என்று காட்டும் பிறப்பிடச் சான்று REV-102. மையத்தில் கட்டணம் ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். முதலில் விண்ணப்பதாரருக்கான அடையாள எண்ணான CAN எண் பதிவு செய்யும்போதே நிரந்தர முகவரியாகச் சொந்த ஊரைக் கொடுங்கள். ஆதாரில் இருக்கிறதே என்று கன்னியக்கோவில் முகவரியையே இரண்டு இடத்திலும் தட்டிவிட்டால் விண்ணப்பம் போய்ச்சேர ஊரே இருக்காது. பிறகு அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. வழியாகத் தாசில்தாரிடம் போகும்.

சிக்கல் வருவது வி.ஏ.ஓ. மேசையில். 'மனுதாரர் இக்கிராமத்தில் குடியிருக்கவில்லை' என்று ஒரே வரியில் தள்ளுபடி ஆகும். அவர் எழுதியது பொய்யல்ல, நீங்கள் அங்கே இல்லைதானே. ஆகவே இப்போது இங்கே இருக்கிறோம் என்று காட்ட முயலாதீர்கள். குடும்பத்தின் பூர்வீகம் இந்த ஊர், வேலைக்காக வெளியே போனோம் என்று காட்டுங்கள். தந்தையின் சான்று, அவர் ஊரில் படித்த பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், தந்தை பெயர் உள்ள மகனின் பிறப்புச் சான்று ஆகிய மூன்றும் முக்கியம். தாத்தா பெயரில் பட்டாவோ வீட்டு வரி ரசீதோ, ஊரில் இருக்கும் பெரியப்பா சித்தப்பாவின் சாதிச் சான்றோ இருந்தால் இன்னும் நல்லது. ஆன்லைனில் ஏற்றிவிட்டு வீட்டில் உட்காராமல், அசல்களோடு வி.ஏ.ஓ.வை நேரில் பாருங்கள். அப்படியும் தாசில்தார் மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டிலேயே படிக்காத தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் பிறப்பிடச் சான்றும் கேட்பார்கள். எல்லையோரத்தில் இருந்துகொண்டு புதுச்சேரிப் பள்ளியில் படித்த கடலூர் மாவட்டப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சாதிச் சான்று போடும்போதே இதையும் சேர்த்துப் போட்டால் வி.ஏ.ஓ.விடம் ஒரே விசாரணையாக முடியும்.

இரண்டு பக்கமும் பிறப்பிடம் கோருவது

கூடாது. தமிழ்நாட்டு மருத்துவச் சேர்க்கையில் வேறு மாநிலத்தில் பிறப்பிட உரிமை கோரவில்லை என்று உறுதி கொடுக்க வேண்டியிருக்கும். அங்கே ஒரு கை, இங்கே ஒரு கை என்று வைத்தால் இரண்டும் போகும்.

திருமணமாகி வந்த பெண்ணுக்குக் கணவர் பக்கத்துச் சான்று

சாதி பிறப்பால் வருவது. பண்ருட்டியிலிருந்து பாகூருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணின் சான்று அவருடைய அப்பா பெயரில், அப்பாவின் ஊரை வைத்துத்தான் இருக்கும். கணவர் புதுச்சேரிப் பூர்வீகம் என்பதால் மனைவிக்குப் புதுச்சேரி ஒதுக்கீடு வந்துவிடாது. பஞ்சாபிலிருந்து உத்தரகாண்டுக்கு மணமாகிப் போன ஒரு பெண்ணின் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் முடிவு செய்தது.

ஓ.பி.சி. சான்றைச் சாதிச் சான்று என்று நினைப்பது

சாதிச் சான்றுக்குக் காலாவதி இல்லை. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றில் வசதி படைத்தவர்களை விலக்கும் கிரீமி லேயர் கணக்கு இருப்பதால் அதைப் புதுப்பிக்க வேண்டும்.

தந்தையின் அசல் சான்றைத் தொலைப்பது

தொலைத்துவிடாதீர்கள்.